எந்த வாட்ச்டாக், எங்கே கிக்? ஹேங் ஆன கன்ட்ரோலரை மீட்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு போர்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் STM32F103 மைக்ரோகன்ட்ரோலர். ஐ2சி பஸ்ஸில் தண்ணீர் மட்டம் பார்க்கும் ஒரு சென்சார். ஒரு ரிலே வழியாக பம்ப் மோட்டார். சீரியல் போர்ட்டில் ஒரு ஜிஎஸ்எம் மோடம். தொட்டி நிறைந்ததும் ரிலேயை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இந்தப் போர்டு ஹேங் ஆவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஐ2சி கோடில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்:

```c
while (!(I2C1->SR1 & I2C_SR1_SB)) ;
```

ஸ்டார்ட் பிட் வரும்வரை காத்திரு என்று பொருள். மோட்டார் ஆன் ஆகும்போது எழும் மின் இரைச்சலில் பஸ் குழம்பிவிட்டால் அந்த பிட் வரவே வராது; ப்ராசஸர் இதே வரியில் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிலே பின் கடைசியாக எழுதிய மதிப்பிலேயே நிற்கும். மோட்டார் ஓடும், தொட்டி வழியும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு பவர் எல்இடி எரிந்துகொண்டு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஹேங் ஆன சிஸ்டத்தின் ஆபத்து இதுதான். அது வேலையை நிறுத்துவதில்லை, கடைசி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. 1994 மே மாதம் கிளெமன்டைன் விண்கலத்தில் கம்ப்யூட்டர் இப்படித்தான் உறைந்தது. உந்துகருவிகள் 11 நிமிடம் எரிந்து எரிபொருளைத் தீர்த்தன. வன்பொருளில் இருந்த வாட்ச்டாக் அங்கே பயன்படுத்தப்படவில்லை.

வாட்ச்டாக் டைமர் ஒரு கவுன்டர். தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும். எல்லையைத் தொட்டால் ரீசெட் கம்பியை இழுத்து ப்ராசஸரை முதலிலிருந்து தொடங்க வைக்கும். எல்லையைத் தொடவிடாமல் தடுக்க, நம் ப்ரோக்ராம் இடையிடையே கவுன்டரைத் தொடக்க மதிப்புக்குத் திருப்ப வேண்டும். சில சில்லுகளில் மேலே எண்ணுவதைப் பூஜ்யமாக்குவோம், சிலவற்றில் கீழே எண்ணுவதை மறுபடி நிரப்புவோம், இரண்டும் ஒன்றே. இதைத்தான் கிக் செய்வது என்கிறோம். மேலே உள்ள `while` வரியில் ப்ராசஸர் சிக்கிக்கொண்டால் கிக் வரி வரைக்கும் போகாது, கவுன்டர் எல்லையைத் தொடும், ரீசெட் வரும். ப்ரோக்ராம் தான் உயிரோடு இருப்பதைத் தானே நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் செத்ததாகவே கணக்கு. ஹேங்கைக் கண்டுபிடிக்கும் கோட் எதையும் ப்ராசஸர் ஓட்ட வேண்டியதில்லை என்பதால்தான், ப்ராசஸர் எவ்வளவு மோசமாகக் குழம்பியிருந்தாலும் இந்த முறை செல்லுபடியாகிறது.

இந்தப் போர்டுக்கு நம்முன் மூன்று வழிகள் உண்டு. சில்லுக்குள் இருக்கும் தனி வாட்ச்டாக், அதே சில்லுக்குள் இருக்கும் ஜன்னல் வாட்ச்டாக், வெளியே தனியாக வைக்கும் வாட்ச்டாக் ஐசி. மூன்றும் ரீசெட்தான் செய்கின்றன. எந்த வகைச் சாவு எந்தக் கண்ணுக்குத் தெரியும் என்பதில்தான் வித்தியாசம்.

உள்ளே இருக்கும் தனி வாட்ச்டாக்

இதன் பெயர் `IWDG`. 12 பிட் கவுன்டர், கீழ்நோக்கி எண்ணும். இதன் சிறப்பு க்ளாக்கில் இருக்கிறது. மெயின் கிரிஸ்டலைச் சார்ந்திராமல், எல்எஸ்ஐ எனப்படும் சில்லுக்குள்ளேயே உள்ள ஆர்சி ஆசிலேட்டரில் ஓடுகிறது. கிரிஸ்டல் நின்றுபோனாலும் இது நிற்காது. ஒருமுறை தொடங்கிவிட்டால் சாஃப்ட்வேரால் நிறுத்தவும் முடியாது. வழிதவறிய கோட் எதேச்சையாக இதை அணைத்துவிடும் என்ற கவலை இல்லை.

அந்த ஆசிலேட்டர்தான் இதன் பலவீனமும். பெயருக்கு 40 கிலோஹெர்ட்ஸ். ஆனால் டேட்டாஷீட் தரும் வரம்பு 30 முதல் 60 வரை. ஆகவே நேரத்தை ஒரே எண்ணாகக் கணக்கிட்டால் தவறிவிடும், மூன்று எண்களாகக் கணக்கிட வேண்டும். நம் போர்டில் மெயின் லூப் ஒரு சுற்று முடிய மிக மோசமான நிலையில் 200 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 வினாடி டைம்அவுட் வேண்டும். 32-ஆல் வகுத்தால் 40 கிலோஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 1250 துடிப்பாகிறது. 2500 துடிப்பு எண்ணினால் 2 வினாடி. ரீலோட் மதிப்பு 2499, ஏனென்றால் பூஜ்யமும் ஒரு படி.

இனி ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஆசிலேட்டர் 60-ல் ஓடும் சில்லு கையில் வந்தால் இதே எண் 1.33 வினாடியாகச் சுருங்கும். 30-ல் ஓடினால் 2.67 வினாடியாக நீளும். சிறிய எண்ணை நம் லூப்போடு ஒப்பிட வேண்டும்: 200 மில்லிவினாடிக்கு 1330 தாராளம். பெரிய எண்ணைப் பம்ப்போடு ஒப்பிட வேண்டும்: மோட்டார் 2.67 வினாடி கூடுதலாக ஓடினால் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது, எண் சரி. இந்த இரண்டாவது ஒப்பீட்டைத்தான் பலர் செய்வதில்லை. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதிகபட்ச டைம்அவுட்டையே வைத்துவிடுகிறார்கள். இந்தச் சில்லில் அது 26 வினாடிக்கு மேல், மெதுவான சில்லில் 35 வினாடி. அவ்வளவு நேரம் தாங்காத ஓர் அவுட்புட்டுக்கு அது பாதுகாப்பே இல்லை.

```c
IWDG->KR  = 0xCCCC;   // தொடங்கு
IWDG->KR  = 0x5555;   // எழுத அனுமதி
IWDG->PR  = 3;        // 32-ஆல் வகு
IWDG->RLR = 2499;
while (IWDG->SR) ;    // மதிப்புகள் ஏறும்வரை
IWDG->KR  = 0xAAAA;   // கிக்
```

கவனித்தால், இதிலேயே எல்லையில்லாத ஒரு `while` இருக்கிறது. அதனால்தான் முதல் வரியில் தொடங்கிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுகிறோம். ரீசெட்டுக்குப் பின் இருக்கும் இயல்பு மதிப்பில் கவுன்டர் சுமார் 0.4 வினாடியில் முடியும். இந்த வரியே சிக்கினாலும் காவல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மிச்சமிருக்கும் ஓட்டை, `0xCCCC` எழுதுவதற்கு முன்பே ப்ரோக்ராம் சிக்கினால் என்ன செய்வது என்பது. அதற்கு ஆப்ஷன் பைட்டில் `WDG_SW` பிட்டை மாற்றி, பவர் வந்ததுமே வாட்ச்டாக் தானாக ஓடும்படி செய்யலாம். ஆனால் அப்போது அந்த 0.4 வினாடி, வேகமான சில்லில் 0.27 வினாடி, தொடக்கக் கோடுக்கும் பொருந்தும். மோடம் எழும்வரை தொடக்கத்திலேயே 3 வினாடி டிலே போட்டு வைத்திருக்கும் ப்ரோக்ராம் ஒருபோதும் எழாது. ரீசெட் மேல் ரீசெட்டாகவே போய்க்கொண்டிருக்கும்.

பேட்டரியில் ஓடும் போர்டானால் இன்னொன்றும் உண்டு. F103 வகையில் ஸ்டாப் மோடில் தூங்கும்போதும் `IWDG` ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் தூங்க வேண்டிய கருவியை இது சில வினாடிகளிலேயே உலுக்கி எழுப்பிவிடும். கிக் செய்வதற்காகவே இடையிடையே விழித்துத் தூங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வேலைக்கு TPL5010 போன்ற வெளி டைமர்கள் பொருந்தும். ரெசிஸ்டரால் 100 மில்லிவினாடி முதல் 7200 வினாடி வரை இடைவெளி வைத்துக்கொள்ளலாம். அதுவே எழுப்பும், எழுந்த ப்ராசஸர் அடுத்த முறைக்குள் `DONE` பின்னில் பதில் தராவிட்டால் ரீசெட் செய்யும். நம் பம்ப் போர்டு மெயின்ஸில் ஓடுவதால் இந்தச் சிக்கல் நமக்கில்லை.

ஜன்னல் வாட்ச்டாக்

தனி வாட்ச்டாக் தாமதமான கிக்கை மட்டுமே தவறாக நினைக்கும். மிக அடிக்கடி வரும் கிக் அதற்கு மகிழ்ச்சியே. ஆனால் ப்ரோக்ராம் கிக் வரியை உள்ளடக்கிய ஒரு சின்ன லூப்பிலேயே மாட்டிக்கொண்டால்? ப்ரோக்ராம் செத்துவிட்டது, கிக் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னல் வாட்ச்டாக்கான `WWDG` இதைப் பிடிக்கும். கிக் தாமதமானாலும் ரீசெட், சீக்கிரமே வந்தாலும் ரீசெட். இடையில் திறந்திருக்கும் ஜன்னலுக்குள் வந்தால்தான் ஏற்கும்.

எண்களில் பார்த்தால் எளிது. 7 பிட் கவுன்டர். அது `0x40`-லிருந்து `0x3F`-க்கு இறங்கும் நொடியில் ரீசெட். க்ளாக் ஏபிபி1 பஸ்ஸின் க்ளாக்கான பிசிஎல்கே1-லிருந்து வருகிறது. அது 36 மெகாஹெர்ட்ஸ் என்றால், 4096-ஆலும் பிறகு 8-ஆலும் வகுத்தபின் ஒரு துடிப்பு 0.91 மில்லிவினாடி. 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓடும் கன்ட்ரோல் லூப் ஒன்று இருந்தால், கவுன்டரில் `0x4F` ஏற்றி, ஜன்னல் மதிப்பை `0x47` என்று வைக்கலாம். ஏற்றிய பின் 8 துடிப்பு, அதாவது 7.3 மில்லிவினாடி, ஆகும்வரை ஜன்னல் மூடியிருக்கும். 16 துடிப்பில், 14.6 மில்லிவினாடியில், நேரம் முடியும். பத்தில் வரும் கிக் நடுவில் சரியாக விழும்.

நம் போர்டுக்கு இது பொருந்தாது. இந்தக் க்ளாக்கில் கவுன்டரை முழுதாக ஏற்றினாலும் 58 மில்லிவினாடிக்கு மேல் போக முடியாது, நம் லூப்போ 200 வரை இழுக்கிறது. லூப்பைப் பிளந்து எழுதி 50-க்குள் கொண்டுவரலாம்தான்; ஆனால் வாட்ச்டாக்குக்காக ப்ரோக்ராமை வளைக்கும் முன் வேறொன்றை யோசிக்க வேண்டும். `WWDG` மெயின் க்ளாக்கிலிருந்தே துடிப்பு எடுக்கிறது. க்ளாக் நின்றால் காவலும் நின்றுவிடும். நிற்காமல் மெதுவானால் இன்னும் நுட்பமாக ஏமாற்றும்: கிரிஸ்டல் கைவிட்டு ப்ராசஸர் உள் ஆசிலேட்டருக்குத் தாவினால், லூப்பை ஓட்டும் டைமரும் ஜன்னலும் ஒரே விகிதத்தில் நீளும். எல்லாம் நேரத்துக்கு நடப்பதாகவே அதற்குத் தெரியும். தன் கடிகாரமே தவறும்போது தவறைக் காண அதற்கு வேறு கடிகாரம் கிடையாது.

மோட்டார் டிரைவ், பவர் கன்வர்ட்டர் போல மில்லிவினாடிக் கணக்கில் திட்டமாக ஓடும் லூப்புகளுக்கு `WWDG` நல்ல தேர்வு. அங்கும் `IWDG` கூடவே இருக்கட்டும். F3, L4, G0 போன்ற பிற்கால வகைகளில் `IWDG`-க்குள்ளேயே `WINR` என்று ஒரு ஜன்னல் ரெஜிஸ்டர் வந்துவிட்டது; அவற்றில் இந்தத் தேர்வுச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

`WWDG` ரீசெட் செய்வதற்குச் சற்று முன் ஓர் இன்டரப்ட் தரும். எந்த வரியில் சிக்கியது என்று குறித்துக்கொள்ள அது அருமையான இடம். அந்த இன்டரப்ட்டுக்குள்ளேயே கிக் செய்யும் உதாரணக் கோடுகளும் சுற்றுகின்றன. அதைச் செய்தால் வாட்ச்டாக் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

வெளியே ஒரு ஐசி

MAX823 போன்ற ஐசி ப்ராசஸருக்கு வெளியே, தனி சிலிகானில், தன் சொந்த டைமரோடு இருக்கிறது. `WDI` என்ற பின்னில் ஏற்றமோ இறக்கமோ ஒன்று வந்தால் கவுன்டர் தொடக்கத்துக்குப் போகும். 1.6 வினாடிக்கு ஒன்றும் வராவிட்டால் ரீசெட் பின்னைச் சுமார் 200 மில்லிவினாடி கீழே பிடிக்கும். இங்கும் 1.6 என்பது நடு எண்தான், வரம்பு 1.12 முதல் 2.4 வரை. லூப்பை 1.12-க்குள் முடிக்க வேண்டும்.

இது கூடுதலாகத் தருவது வோல்டேஜ் காவல். மோட்டார் ஆன் ஆகும்போது சப்ளை ஒரு கணம் சரிந்தால், ப்ராசஸர் முழுதாக அணையாமலும் ஒழுங்காக ஓடாமலும் இடைநிலையில் கிடக்கும். 3.3 வோல்ட் போர்டில் 2.93 வோல்ட் வகை ஐசியை வைத்தால் சப்ளை அதற்குக் கீழே போனதுமே ரீசெட்டில் பிடித்து, மீண்டு நிலைத்த பிறகு விடும். பம்ப் போர்டில் நடக்கும் ஹேங்குகளில் எத்தனை இப்படிச் சப்ளை சரிவிலிருந்து வருபவை என்பது ஆசிலாஸ்கோப்பை சப்ளையில் வைத்துப் பார்க்கும்வரை தெரியாது.

வெளி ஐசியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் வயரிங்கில்தான். `WDI` பின்னை எதனோடும் இணைக்காமல் மிதக்க விட்டால் MAX823 தன் வாட்ச்டாக்கை அணைத்துக்கொள்ளும். STM32F103-ன் பின்கள் ரீசெட்டுக்குப் பின் மிதக்கும் இன்புட்டாகவே இருக்கும். ஆகவே நம் கோட் அந்தப் பின்னை அவுட்புட்டாக மாற்றும்வரை காவல் உறங்கிக்கொண்டிருக்கிறது. பூட்லோடருக்கு இது வசதி. ஆனால் தொடக்கத்திலேயே சிக்கும் ஹேங்கை இது பிடிக்காது. அந்தப் பின்னில் ஒரு புல்-டவுன் ரெசிஸ்டர் வைத்தால் மிதப்பது நிற்கும், கூடவே பூட்லோடரும் கிக் செய்தாக வேண்டும்.

இரண்டாவது, `WDI`-யை ப்ராசஸரின் பிடபிள்யூஎம் பின்னில் இணைப்பது. மென்பொருளுக்கு வேலையே இல்லை என்று தோன்றும், அதுதான் கோளாறு. டைமர் ஹார்ட்வேர் ப்ராசஸர் செத்த பிறகும் துடித்துக்கொண்டே இருக்கும். பின்னை நிரல்தான் ஒவ்வொரு முறையும் புரட்ட வேண்டும்.

மூன்றாவது, ரீசெட் கம்பி. STM32-ன் `NRST` இருவழிப் பின். உள் வாட்ச்டாக் ரீசெட் செய்யும்போது சில்லே அதைக் கீழே இழுக்கும். வெளி ஐசியின் ரீசெட் அவுட்புட் புஷ்-புல் வகையாக இருந்தால் அது அதே நேரத்தில் மேலே பிடிக்கும். இரண்டும் மல்லுக்கு நிற்கும். ஓப்பன்-ட்ரெய்ன் அவுட்புட் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காரணம் கண்டுபிடிப்பதிலும் வித்தியாசம் உண்டு. உள் வாட்ச்டாக் ரீசெட் செய்தால் `RCC->CSR`-ல் `IWDGRSTF` கொடி நிற்கும். `NRST` இழுபட்டதால் `PINRSTF`-உம் சேர்ந்தே நிற்கும், ஆகவே `IWDGRSTF`-ஐ முதலில் பார்க்க வேண்டும். வெளி ஐசி ரீசெட் செய்தால் `PINRSTF` மட்டுமே. யாரோ ரீசெட் பட்டனை அழுத்தியதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. பார்த்து முடித்ததும் `RMVF` பிட் எழுதிக் கொடிகளை அழிக்காவிட்டால் பழைய காரணமே அடுத்த முறையும் தெரியும்.

கிக் எங்கே?

எந்த வாட்ச்டாக்கைத் தேர்ந்தெடுத்தாலும், கிக்கைத் தவறான இடத்தில் வைத்தால் மூன்றும் ஒன்றுதான். மிகப் பரவலான தவறு டைமர் இன்டரப்ட்டில் வைப்பது. மெயின் லூப் `while`-ல் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் இன்டரப்ட் மில்லிவினாடிக்கு ஒருமுறை தவறாமல் வரும். இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே நிரூபணமாகும்.

அடுத்த தவறு, நீண்ட காத்திருப்புகளுக்குள் கிக்கைத் தூவுவது. மோடம் நெட்வொர்க்கில் சேர 30 வினாடி ஆகிறது, அதற்குள் ரீசெட் வருகிறது என்று அந்தக் காத்திருப்பு லூப்பிலேயே ஒரு கிக் வரி சேர்ப்பார்கள். அந்த 30 வினாடியும் பம்ப்பை யாரும் பார்க்கவில்லை. மோடம் பதிலே தராவிட்டால் என்றென்றைக்கும் பார்க்க மாட்டார்கள். மோடம் கோடை ஸ்டேட் மெஷினாக எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி பார்த்துவிட்டு உடனே திரும்பச் செய்வதே முறை.

பிறகு கிக் ஒரே இடத்தில், லூப்பின் கடைசியில். அதுவும் நிபந்தனையோடு. சென்சார் வாசிப்பு வெற்றியாக முடிந்த இடத்தில் `t_sensor`, பம்ப் முடிவெடுத்த இடத்தில் `t_pump`, மோடம் ஸ்டேட் மெஷின் நகர்ந்த இடத்தில் `t_modem` என்று நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம்.

```c
uint32_t now = ms;            // SysTick கூட்டுவது
if (now - t_kick   >= 100  &&
    now - t_sensor <  1000 &&
    now - t_pump   <  1000 &&
    now - t_modem  <  60000) {
    t_kick = now;
    IWDG->KR = 0xAAAA;
}
```

கடைசி மூன்று நிபந்தனைகளும் பார்த்தவுடன் புரியும். முதல் நிபந்தனைதான் எளிதில் விட்டுப்போவது. அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். `SysTick` இன்டரப்ட் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டது. `ms` நகராது. எல்லாக் கழித்தலும் சின்ன எண்ணாகவே இருக்கும், எல்லோரும் சற்றுமுன்தான் வேலை செய்ததாகத் தெரியும், கிக் போய்க்கொண்டே இருக்கும். `t_kick` நிபந்தனை இருந்தால், நேரம் நகராதவரை அடுத்த கிக் கிடையாது, 2.67 வினாடிக்குள் ரீசெட். கிக் அடிக்கடி போகாமலும் இதுவே தடுக்கிறது. `ms`-ஐ `volatile` என்று அறிவிக்க மறக்கக் கூடாது. 8 பிட் சில்லில் இதே கோடை எழுதினால், `ms`-ஐ வாசிக்கும் கணத்தில் இன்டரப்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும். நான்கு பைட்டை நான்கு முறையாக எடுக்கும்போது நடுவில் மதிப்பு மாறிவிடலாம்.

மோடம் பதில் தராதது வேறு, மோடம் கோட் நகராதது வேறு. பதில் வராவிட்டால் ஸ்டேட் மெஷின் மோடத்தின் பவரை அணைத்துப் போட்டு அடுத்த நிலைக்குப் போக வேண்டும், அதுவும் நகர்வுதான். அதற்காகப் பம்ப் கன்ட்ரோலரையே ரீசெட் செய்யத் தேவையில்லை.

ரீசெட் வந்த பிறகு

இங்கேதான் பல போர்டுகள் மறுபடி விழுகின்றன. ரீசெட் ப்ராசஸருக்கு மட்டும், சென்சாருக்கு இல்லை. சென்சார் ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும் பாதியில் ப்ராசஸர் ரீசெட் ஆகிவிட்டால், சென்சார் `SDA` கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த க்ளாக்குக்காகக் காத்திருக்கும். ப்ராசஸர் எழுந்து ஸ்டார்ட் அனுப்பப் பார்க்கும். கம்பி மேலே வராது. மறுபடி அதே `while`, மறுபடி ரீசெட். மீட்பே நோயாகிவிடும். தொடக்கத்தில் ஐ2சி-யை இயக்கும் முன் `SCL` பின்னைச் சாதாரண ஓப்பன்-ட்ரெய்ன் அவுட்புட்டாக வைத்து, `SDA` மேலே வரும்வரை அதிகபட்சம் 9 துடிப்பு கொடுத்து, பிறகு ஒரு ஸ்டாப் அனுப்ப வேண்டும். எட்டு துடிப்பில் மிச்ச பிட்டுகள் எல்லாம் வெளியே வந்துவிடும்; ஒன்பதாவதில் நாம் ஒப்புகை தராததால் சென்சார் பஸ்ஸை விட்டுவிடும். வெளி ஐசி இருந்தால் அதன் ரீசெட் கம்பியையே சென்சாரின் ரீசெட் பின்னுக்கும் கொண்டுபோகலாம். அப்படியொரு பின் இல்லாத சென்சாரென்றால் அதன் சப்ளையை ஒரு லோட் ஸ்விட்ச் வழியாகக் கொடுத்து அணைத்துப் போடலாம்.

ரிலேயும் கவனிக்க வேண்டியது. ரீசெட்டின்போது பின் மிதக்கும். ரிலேயை ஓட்டும் மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இல்லாவிட்டால், கேட்டில் தேங்கிய மின்னூட்டத்தில் ரிலே ஆனிலேயே நிற்கலாம். அப்போது வாட்ச்டாக் தன் வேலையைச் சரியாகச் செய்தும் மோட்டார் நிற்காது.

தொடர்ந்து ரீசெட் ஆனால் என்ன செய்வது என்பதையும் கோட் அறிந்திருக்க வேண்டும். `BKP->DR1` போன்ற பேக்கப் ரெஜிஸ்டர் ரீசெட்டில் அழியாது. ஒவ்வொரு `IWDGRSTF`-க்கும், வெளி ஐசி இருந்தால் `PINRSTF` மட்டும் நிற்கும் ரீசெட்டுக்கும் அதில் ஒன்று கூட்டி, பத்து நிமிடம் ஒழுங்காக ஓடினால் பூஜ்யமாக்குங்கள். மூன்றைத் தொட்டால் பம்ப்பைத் தொடாமல், மோடம் வழியாகத் தகவல் மட்டும் அனுப்பும் நிலையில் நில்லுங்கள். சென்சாரே செத்திருந்தால் எத்தனை ரீசெட் வந்தாலும் அது பிழைக்காது.

இந்தப் போர்டுக்கு எது?

`IWDG`, 2 வினாடி, மேலே உள்ள நிபந்தனைக் கிக்கோடு. இது செலவில்லாதது, இல்லாமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. மோட்டார் அதே சப்ளையில் இருப்பதால் வோல்டேஜ் காவலுக்காக வெளி ஐசியையும் வைப்பேன், ஓப்பன்-ட்ரெய்ன் வகை, `WDI`-யில் புல்-டவுனோடு, அதே கிக் இடத்திலிருந்து பின்னைப் புரட்டி. மோட்டாருக்குப் பதில் வெறும் டிஸ்ப்ளே என்றால் வெளி ஐசி வேண்டாம், `IWDG` போதும். தொட்டிக்குப் பதில் ஒரு ஹீட்டர் என்றால் வெளி ஐசியின் ரீசெட்டையும் தாண்டி, ஹீட்டர் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் தனி தெர்மல் கட்-ஆஃப் வேண்டும். வாட்ச்டாக் எதுவானாலும், ஒட்டிப்போன ரிலே காண்டாக்ட்டைப் பிரிக்க அதற்குக் கையில்லை. `WWDG` இந்தப் போர்டுக்கு வேண்டாம்.

சோதனை டிபக்கரைக் கழற்றிவிட்டுத்தான். `DBG_IWDG_STOP` பிட் போடப்பட்டிருந்தால், டிபக்கர் ப்ராசஸரை நிறுத்தும்போது வாட்ச்டாக்கும் நிற்கும். மேசையில் ஒழுங்காகத் தெரிந்தது வெளியே வேறாகத் தெரியும். முதலில், சோதனைக்கென்றே ப்ரோக்ராமில் ஒளித்துவைத்த ஒரு கட்டளையில் `__disable_irq(); while (1);` ஓடவிட்டு, `NRST` பின்னில் ஆசிலாஸ்கோப்பை வைத்து எத்தனை வினாடியில் ரீசெட் வருகிறது என்று அளக்கவும். வெளி ஐசியும் இருப்பதால் இரண்டில் முந்துவது எது என்று `RCC->CSR` கொடி சொல்லும். பிறகு `SysTick`-ஐ மட்டும் நிறுத்திப் பார்க்கவும். `t_kick` நிபந்தனை சரியாக இருந்தால் இதற்கும் ரீசெட் வர வேண்டும். கடைசியாக மோட்டார் ஓடும்போது `SDA`-வைத் தரையோடு ஐந்து வினாடி இணைத்து, ரிலே எப்போது விடுகிறது, கம்பியை எடுத்ததும் சென்சார் வாசிப்பு தானாகத் திரும்புகிறதா என்று பார்க்கவும். ரிலே விட்டு வாசிப்பு திரும்பவில்லை என்றால் ஒன்பது துடிப்புக் கோடைப் பார்க்கவும். ரிலேயே விடவில்லை என்றால் அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பார்க்கவும்.